பாடநூல் படத்தில் உள்ள வடிவியல் குறிகளைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பகுதிகளில் பேரப்பிள்ளைகளுக்கும் தம்பி தங்கைகளுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பெரியவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்படுகிறது. பிள்ளை பாடநூலில் உள்ள படத்தைக் கைப்பேசியில் எடுத்து அனுப்புகிறது; அதைப் பார்த்து விடை சொல்ல வேண்டியிருக்கிறது. பல வீடுகளில் தாத்தா பாட்டிக்குத் தெரிந்த வடிவியல், பெற்றோருக்கு அவ்வளவாகத் தெரியாது. 2008 முதல் 2013 வரை மெட்ரிக் தேர்வில் யூக்ளிட் வடிவியல் விருப்பப் பாடமான மூன்றாம் தாளில் இருந்ததால், அந்த ஆண்டுகளில் எழுதியவர்களில் பெரும்பாலோர் அதைத் தொடவே இல்லை. 2014 முதல் அது மீண்டும் இரண்டாம் தாளில் கட்டாயப் பகுதியாக இருக்கிறது.

பேத்தி அனுப்பிய படத்தில் சில பக்கங்களின் நடுவில் ஒரு சின்னக் கோடு குறுக்கே போட்டிருக்கிறது, சிலவற்றில் இரண்டு கோடு இருக்கிறது. இரண்டு கோடு போட்ட பக்கம் நீளமானதா?

இல்லை. கோடுகளின் எண்ணிக்கை நீளத்தைக் காட்டுவதில்லை. எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தோடு சேர்ந்தது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. ஒற்றைக் கோடு உள்ள பக்கங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சமம். இரட்டைக் கோடு உள்ளவை தங்களுக்குள் சமம். ஒற்றைக் கோட்டுப் பக்கமும் இரட்டைக் கோட்டுப் பக்கமும் சமமில்லை என்றுகூட அந்தக் குறி சொல்லவில்லை. அவை சமமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கேள்வி அதைப் பற்றி எதுவும் தரவில்லை என்பதே அதன் பொருள்.

கோடு எந்தத் துண்டின் மேல் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். AB என்ற பக்கத்தின் இடையில் M என்ற புள்ளி இருந்து, AM துண்டிலும் MB துண்டிலும் ஒவ்வொரு கோடு இருந்தால், M நடுப்புள்ளி என்று தரப்பட்டுள்ளது. பத்தாம் வகுப்பில் வரும் நடுப்புள்ளித் தேற்றக் கணக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. அதே கோடு M-க்கு மிக அருகில் அச்சாகியிருந்தால், அது முழு AB-க்கு உரியதா, அரைத்துண்டுக்கு உரியதா என்ற ஐயம் எழும். அப்போது மற்ற அரைத்துண்டிலும் ஒரு கோடு இருக்கிறதா என்று தேடினால் விடை கிடைத்துவிடும்.

கோணத்துக்குள் சின்னப் பெட்டி போட்டிருக்கிறது, ஆனால் அந்த மூலை செங்கோணமாகவே தெரியவில்லை. எதை நம்புவது?

பெட்டியை நம்புங்கள். பெட்டி என்பது 90° என்று எழுதியதற்குச் சமம். கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படத்தில் செங்கோணம் 80° போலவோ 100° போலவோ தெரிவது இயல்பு; அப்போது பெட்டியும் கோணத்தோடு சேர்ந்து சாய்ந்து, நசுங்கிய நாற்கரமாகத் தெரியும். கனசதுரம், கூம்பு போன்ற திண்மப் படங்களில் அச்சிலேயே பெட்டி சாய்வாகத்தான் இருக்கும், அது பிழையல்ல.

இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டும் இடத்தில் நான்கு மூலைகளில் ஒன்றில் மட்டும் பெட்டி இருந்தாலும், நான்கும் செங்கோணங்களே. ஆனால் ஒரு கோடு மற்றொன்றின் மேல் வந்து நின்றுவிடும் இடத்தில், அதே புள்ளியிலிருந்து வேறு கோடும் கிளம்பினால், பெட்டி எந்த இரண்டு கோடுகளுக்கு இடையில் அடைபட்டிருக்கிறது என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மங்கலான படத்தில் பெட்டியின் உள்மூலை தெரியாமல் போனால், அது கோண வில் போலத் தோன்றும். வில் என்றால் வெறும் கோணம், பெட்டி என்றால் 90°. அந்த ஒரு மூலை தெரிகிறதா என்பதைப் பெரிதாக்கிப் பார்ப்பது வீண் வேலையல்ல.

கோடுகளின் மேல் அம்புக்குறி இருக்கிறது. அந்தக் கோடு அந்தத் திசையில் போகிறது என்று பொருளா?

அம்பு கோட்டின் நடுப்பகுதியில் இருந்தால், அது இணைகோட்டுக் குறி. ஒற்றை அம்பு உள்ள கோடுகள் ஒன்றுக்கொன்று இணை. இரட்டை அம்பு உள்ளவை தங்களுக்குள் இணை. இணைகரத்தில் ஒரு சோடி எதிர்ப்பக்கங்களுக்கு ஒற்றை அம்பும், மறு சோடிக்கு இரட்டை அம்பும் இருப்பதை எல்லா நூல்களிலும் பார்க்கலாம். அம்பு கோட்டின் முனையில் இருந்தால் பொருள் வேறு: அந்தக் கோடு அதற்கு அப்பாலும் நீள்கிறது என்பதே அது. x அச்சு, y அச்சு முனைகளில் இருப்பதும் அப்படிப்பட்டதே. படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு, நடுவில் இருந்த அம்பு முனையில் இருப்பது போலத் தெரியும்போது இந்த இரண்டும் எளிதில் குழம்பிவிடும்.

கோணங்களுக்குள் 1, 2, 3 என்று எழுதியிருக்கிறது. அது பாகையா?

இல்லை, பெயர். தென்னாப்பிரிக்கப் பாடநூல்களிலும் தேர்வுத்தாள்களிலும் ஒரே முனையில் பல கோணங்கள் சேரும்போது அவற்றை A₁, A₂ என்று பிரித்துச் சொல்வதற்காக அந்த எண்களை எழுதுகிறார்கள். அளவு என்றால் பாகைக் குறி இருக்கும். A₁-உம் C₁-உம் ஒரே எண் கொண்டவை என்பதால் அவை சமம் ஆகிவிடா. இதைச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் அடிக்கடி தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். சமம் என்று காட்ட வேண்டுமானால் இரு கோணங்களிலும் ஒரே எழுத்து, ஒரே புள்ளி, அல்லது ஒரே எண்ணிக்கையில் வில்கள் போடப்பட்டிருக்கும்.

படத்தில் இரண்டு பக்கங்கள் பார்த்தாலே சமமாக இருக்கின்றன, குறிதான் இல்லை. சமம் என்று எடுத்துக்கொண்டால் என்ன?

எடுத்துக்கொள்ளக் கூடாது. மெட்ரிக் தேர்வுத்தாளின் தொடக்கத்தில், படங்கள் அளவுப்படி வரையப்பட்டவை என்று கொள்ள வேண்டியதில்லை என்ற அறிவுறுத்தல் இருக்கும். தோற்றத்தை வைத்து எழுதிய படிக்குக் காரணம் எழுத முடியாது. இங்கே வடிவியலில் எழுதும் படிக்கு மட்டுமல்ல, அதன் காரணத்துக்கும் மதிப்பெண் உண்டு என்பதால், காரணம் இல்லாத படிக்கு மதிப்பெண் குறையலாம். குறி, கேள்வியில் எழுதிய சொற்கள், அவற்றிலிருந்து தேற்றத்தால் வருவித்தவை ஆகிய மூன்றையும் தவிர வேறு எதையும் ஆதாரமாகக் கொள்ள முடியாது.

குறிகளை மட்டும் வைத்து ஒரு கணக்கை முழுதாகச் செய்து காட்ட முடியுமா?

ஒரு நாற்கரத்தை எடுத்துக்கொள்வோம். மேலே இடப்பக்கம் A, வலப்பக்கம் B. கீழே வலப்பக்கம் C, இடப்பக்கம் D. A-யையும் C-யையும் இணைக்கும் மூலைவிட்டம் வரையப்பட்டுள்ளது. AB-இலும் DC-இலும் நடுவே ஒற்றை அம்பு. AB-இலும் BC-இலும் ஒற்றைக் குறுக்குக்கோடு. D-இல் பெட்டி. B-இல் 110° என்று எழுதியிருக்கிறது. ∠DAC-ஐக் காண வேண்டும்.

முதலில் கணக்குப் போடாமல், குறிகளை வாக்கியங்களாக எழுதச் சொல்லுங்கள்:

AB ∥ DC
AB = BC
∠ADC = 90°
∠ABC = 110°

இந்த நான்கு வரிகள் எழுதப்பட்டுவிட்டால் படம் இனி உதவிக்கு மட்டுமே. AB = BC என்பதால் ABC இருசமபக்க முக்கோணம்; சமபக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம். சமபக்கங்கள் இரண்டும் B-இல் சேர்கின்றன, ஆகவே சமமான கோணங்கள் ∠BAC-உம் ∠BCA-உம். இங்கே பிள்ளைகள் B-இல் உள்ள கோணத்தையே சமக் கோணங்களில் ஒன்றாக எடுத்துக்கொள்வதுண்டு. கோடு எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அதற்கு எதிர்முனையில்தான் கோணத்தைத் தேட வேண்டும். 180° − 110° = 70°; அதில் பாதி 35°. எனவே ∠BAC = ∠BCA = 35°.

அடுத்து அம்புகள். AB ∥ DC. அவற்றைக் குறுக்கே வெட்டும் கோடு AC. ∠BAC-உம் ∠ACD-உம் ஒன்றுவிட்ட கோணங்கள், ஆகவே ∠ACD = 35°. காரணம் எழுதும்போது எந்த இணைகோடுகள் என்பதையும் எழுத வேண்டும். ஒன்றுவிட்ட கோணங்கள் என்று மட்டும் எழுதினால் காரணம் முழுமையாகாது.

கடைசியாகப் பெட்டி. முக்கோணம் ADC-இல் ∠ADC = 90°, ∠ACD = 35°; மீதம் ∠DAC = 55°.

சரிபார்க்க நாற்கரத்தின் நான்கு கோணங்களையும் கூட்டலாம்: A-இல் 35° + 55° = 90°, B-இல் 110°, C-இல் 35° + 35° = 70°, D-இல் 90°; மொத்தம் 360°. A-இல் செங்கோணம் வந்திருப்பதைக் கவனியுங்கள். அங்கே பெட்டி இல்லை. AB ∥ DC என்பதால் வருவித்தது அது. தொடக்கத்திலேயே A செங்கோணம் என்று எழுதியிருந்தால், விடை சரியாக வந்தாலும் அந்தப் படிக்கு ஆதாரம் இருந்திருக்காது.

இந்தப் படத்தில் கண்ணுக்கு ஒரு பொறியும் இருக்கிறது. AB 5 செ.மீ. என்றால் AD ஏறத்தாழ 4.7 செ.மீ.தான் வரும். அச்சிலும் கைப்பேசித் திரையிலும் அந்த வேறுபாடு தெரியாது. AD = AB என்று எடுத்துக்கொண்டு BD வரைந்தால் ∠ABD = 45° என்று ‘கிடைக்கும்’; உண்மையில் அது 43°-ஐ ஒட்டியது. AD-இல் குறுக்குக்கோடு இல்லை என்பதைப் பார்த்த பிள்ளைக்கு இந்தப் பிழை வராது.

கூட்டல் எல்லாம் சரியாக வந்தது, ஆனால் ஆசிரியர் விடை தப்பு என்கிறார். எப்படி அப்படி ஆகும்?

குறியைத் தவறாகப் படித்தாலும் கூட்டல் சரியாக வரக்கூடும் என்பதை மேலே உள்ள கணக்கே காட்டுகிறது. பக்கத்தின் கீழ் ஓரம் படத்தில் வெட்டுப்பட்டு DC-இல் உள்ள அம்பு தெரியவில்லை. AB-இல் உள்ள அம்பு பளபளப்பில் கரைந்துவிட்டது. காகிதத்தின் மறுபக்கத்து அச்சு ஊடுருவி AD-இன் நடுவே ஓர் அம்பு போலத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை AD ∥ BC என்று எழுதிவிடுகிறது.

இப்போது ∠BAC = ∠BCA = 35° என்பது மாறவில்லை. AD ∥ BC என்றால் ஒன்றுவிட்ட கோணங்கள் ∠DAC-உம் ∠ACB-உம்; ஆகவே ∠DAC = 35°. முக்கோணம் ADC-இல் ∠ACD = 55°. நாற்கரத்தின் கோணங்கள்: A-இல் 70°, B-இல் 110°, C-இல் 90°, D-இல் 90°. மொத்தம் அதே 360°. எங்கும் முரண்பாடு இல்லை. ஏனெனில் A-உம் C-உம் இடம் மாறிய அதே வடிவம்தான் கிடைத்திருக்கிறது, அப்படியொரு நாற்கரம் உண்மையிலேயே இருக்க முடியும். 55° என்ற விடைக்குப் பதில் 35° வந்துவிட்டது, அவ்வளவே.

எனவே கோணங்களைக் கூட்டிப் பார்ப்பது கணக்குப் பிழையைத்தான் பிடிக்கும்; படித்ததில் நேர்ந்த பிழையைப் பிடிக்காது. அதைப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துணை தேடுவது: சமக் குறியும் இணைக் குறியும் தனியாக வருவதில்லை. AD-இல் அம்பு இருந்தால் BC-இலும் அம்பு இருக்க வேண்டும். BC-இல் குறுக்குக்கோடு மட்டுமே இருக்கிறது என்றால், AD-இல் தெரிவது அம்பே அல்ல என்று ஐயப்பட வேண்டும். மற்றொன்று, கேள்வியின் சொற்களைப் படிப்பது: பெரும்பாலான கேள்விகளில் படத்தில் உள்ளதை வாக்கியத்திலும் எழுதியிருப்பார்கள், AB ∥ DC என்று ஒரு வரி படத்துக்கு மேலே இருக்கும். பல நேரங்களில் O வட்டத்தின் மையம், ABCD வட்ட நாற்கரம் போன்ற செய்திகள் வாக்கியத்தில் மட்டுமே இருக்கும். படத்தில் அவற்றுக்கு எந்தக் குறியும் இராது.

தோற்றத்தையும் ஓரளவு பயன்படுத்தலாம், ஆனால் ஐயப்படுவதற்கு மட்டும். தவறான படிப்பின்படி C செங்கோணமாகவும் A கூர்மையாகவும் இருக்க வேண்டும். படத்தில் A நிமிர்ந்தும் C கூர்ந்தும் தெரிந்தால், மீண்டும் குறிகளைப் பார்க்க அதுவே போதுமான காரணம். அதையே காரணமாக எழுதத்தான் கூடாது.

சாய்த்து எடுத்த படத்தில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது?

தட்டையான தாளைச் சாய்வாகப் படம் எடுத்தால் நீளங்கள் மாறும், கோணங்கள் மாறும், இணைகோடுகள் ஒரு பக்கம் நெருங்கிவருவது போலத் தெரியும், நடுப்புள்ளி நடுவில் இல்லாதது போலவும் தோன்றும். மாறாதவை இரண்டு: நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும்; ஒரு கோடு எந்தப் புள்ளி வழியாகப் போகிறதோ அந்தப் புள்ளி வழியாகத்தான் படத்திலும் போகும். ஆகவே A, O, C ஒரே கோட்டில் உள்ளனவா, இரண்டு கோடுகள் எங்கே வெட்டுகின்றன என்பனவற்றைச் சாய்ந்த படத்திலிருந்தும் படிக்கலாம். எது எதற்குச் சமம், எது எதற்கு இணை என்பதைக் குறியிலிருந்து மட்டுமே படிக்கலாம்.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. தடித்த பாடநூலின் தையல் பக்கம் தாள் வளைந்து உள்ளே போகும் இடத்தில் நேர்கோடும் வளைந்து தெரியும். அங்கே ஒரு புள்ளி கோட்டின் மேல் இருக்கிறதா, சற்றுத் தள்ளி இருக்கிறதா என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த இடத்தை அழுத்திப் பிடித்து மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும்.

பிள்ளை எப்படிப் படம் எடுத்து அனுப்பினால் குறிகள் தெளிவாகத் தெரியும்?

நூலை மேசையில் விரித்து, கைப்பேசியைத் தாளுக்கு நேர் மேலே, தாளுக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுவது நல்லது. வழவழப்பான தாளில் கைப்பேசியின் பளிச்சு விளக்கைப் போட்டால், நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்து மெல்லிய குறுக்குக்கோடுகளை விழுங்கிவிடும். கேள்வியின் முழு வாக்கியமும் படத்தின் நான்கு ஓரங்களும் ஒரே படத்தில் வர வேண்டும். குறிகள் நெருக்கமாக உள்ள இடத்தைத் தனியாக அருகில் ஒரு படம் எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்படும். அப்போது இரட்டைக் கோடு ஒற்றைத் தடித்த கோடாகிவிடுகிறது. அதே படத்தை ஆவணமாக இணைத்து அனுப்பினால் சுருங்காமல் வரும்.

தாளின் மறுபக்க அச்சு ஊடுருவித் தெரிந்தால், அந்தத் தாளுக்கு அடியில் ஒரு கறுப்பு அட்டையை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் உள்ள அச்சு பெரும்பாலும் மறைந்துவிடும்.

என்ன செய்தாலும் ஒரு குறி ஒற்றையா இரட்டையா என்று தெரியவில்லை. அந்தக் கணக்கை விட்டுவிடுவதா?

விட வேண்டியதில்லை. முதலில், தெளிவாகத் தெரியும் மற்றக் குறிகளை எண்ணுங்கள். ஒற்றைக் கோட்டுக் குறி ஒரே ஒரு பக்கத்தில்தான் தெரிகிறது என்றால், மங்கலானது அதன் துணையாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஒற்றைக் கோடு ஏற்கெனவே இரண்டு பக்கங்களில் இருந்து, இரட்டைக் கோடு ஒன்றில் மட்டும் இருந்தால், மங்கலானது இரட்டையாக இருக்கும். ஆனால் மூன்று பக்கங்களும் ஒரே குறியோடு வரும் சமபக்க முக்கோணம் போன்ற படங்களும் உண்டு என்பதால், இந்த எண்ணிக்கை ஓர் ஊகமே. அப்படி ஊகித்த வரியைத் தாளில் எழுதும்போது அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டு, அந்த வரியைச் சாராத படிகளை முதலில் முடித்துவிடுங்கள். மேலே சொன்ன நாற்கரத்தில் BC-இன் குறி மங்கியிருந்தாலும், AB ∥ DC, D-இல் பெட்டி, B-இல் 110° ஆகிய மூன்றை மட்டும் வைத்தே A-இல் உள்ள முழுக் கோணம் 90°, C-இல் உள்ளது 70° என்று உறுதியாக எழுதிவிடலாம். ∠DAC-க்கு மட்டும் அந்தக் குறுக்குக்கோடு வேண்டும். பிள்ளை மறுநாள் நூலைத் திறந்து BC-ஐப் பார்த்துச் சொன்னதும் மீதி இரண்டு வரிகளை எழுதி முடித்துக்கொள்ளலாம்.